பாதி நூலுக்கு என்ன விலை?

நூற்பாலைக்கு மாதக் கடைசி என்று ஒன்று கிடையாது. ஏப்ரல் 30ஆம் தேதி நள்ளிரவிலும் கார்டிங் மெஷின் ஓடும், ரிங் ஃபிரேமில் ஸ்பிண்டில்கள் சுழலும், மூன்றாவது ஷிப்ட் ஆட்கள் அறுந்த இழையை ஒட்டிக்கொண்டிருப்பார்கள். ஆனால் கணக்குப் பிரிவுக்கு அந்த நேரத்தில் மாதம் முடிந்தாக வேண்டும். ஏப்ரலில் ஆன செலவு இவ்வளவு, நூல் கிலோவுக்கு அடக்கம் இவ்வளவு என்று முதலாளி மேசைக்கு ஒரு தாள் போக வேண்டும்.

செலவைக் கூட்டுவதில் பெரிய சிரமம் இல்லை. பஞ்சுக்கு பில் இருக்கிறது, மின்சாரத்துக்கு மீட்டர் இருக்கிறது, கூலிக்குப் பதிவேடு இருக்கிறது. அந்தச் செலவை எத்தனை கிலோவால் வகுப்பது என்பதில்தான் சிக்கல். கோனில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிய நூல் ஒரு பக்கம். மெஷின்களுக்குள்ளும் மெஷின்களுக்கு நடுவிலும் பாதி வேலையோடு நிற்கும் சரக்கு இன்னொரு பக்கம். அந்தப் பாதிச் சரக்கும் ஏப்ரல் மாதச் செலவில் ஒரு பங்கைச் சாப்பிட்டிருக்கிறது. அது எவ்வளவு என்று கண்டுபிடிக்க அடக்கவிலைக் கணக்கர்கள் வைத்திருக்கும் வழிதான் சமான அலகு. பாடப்புத்தகங்களில் ஈக்விவலன்ட் யூனிட் என்று வரும்.

கோவைப் பக்கம் பார்க்கக்கூடிய ஒரு சிறிய மில்லைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். அது 40ஆம் நம்பர் பருத்தி நூல் மட்டும் நூற்கிறது. மெஷின்களைப் பிரித்துச் சுத்தம் செய்துவிட்டு ஏப்ரல் 1ஆம் தேதி புதிதாக ஓட்டத் தொடங்கியதால், தொடக்கத்தில் உள்ளே சரக்கு எதுவும் இல்லை. அந்த மாதம் கழிவு நீக்கிய கணக்கில் 50,000 கிலோ பஞ்சு உள்ளே போனது. அதன் விலை 85 லட்சம் ரூபாய். கூலி, மின்சாரம், பராமரிப்பு, தேய்மானம் எல்லாம் சேர்ந்து பஞ்சை நூலாக மாற்றிய செலவு 27,12,000 ரூபாய். மாத முடிவில் 42,000 கிலோ நூல் முடிந்து குடோனுக்குப் போய்விட்டது. மீதி 8,000 கிலோ வழியில் நிற்கிறது.

இரண்டு தப்பான விடைகள்

மொத்தச் செலவு 1,12,12,000 ரூபாய். இதை முடிந்த 42,000 கிலோவால் வகுத்தால் கிலோ 267 ரூபாய் வருகிறது. உள்ளே போன 50,000 கிலோவால் வகுத்தால் 224 ரூபாய். இரண்டுக்கும் நடுவே 43 ரூபாய் இடைவெளி. சந்தையில் நூல் 250 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் கணக்கின்படி மில் கிலோவுக்கு 17 ரூபாய் நட்டத்தில் ஓடுகிறது. இரண்டாவது கணக்கின்படி 26 ரூபாய் லாபத்தில் ஓடுகிறது.

இரண்டுமே தப்பு. முதல் கணக்கு, வழியில் நிற்கும் 8,000 கிலோவுக்கு மதிப்பே இல்லை என்று சொல்கிறது. இரண்டாவது கணக்கு, அந்த 8,000 கிலோவும் கோனில் ஏறிவிட்டது என்று சொல்கிறது. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: பாதிச் சரக்கின் மேல் இதுவரை செய்த வேலையை எல்லாம் ஒன்றுசேர்த்தால், முழுதாக எத்தனை கிலோ நூல் நூற்றிருக்கலாம்?

கேள்வி ஒன்றுதான் என்றாலும் ஒவ்வொரு செலவுக்கும் அதைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பஞ்சு முதல் மெஷினிலேயே முழுதாக உள்ளே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு எந்தக் கட்டத்திலும் புதிதாகப் பஞ்சு சேர்ப்பதில்லை. அதனால் பஞ்சைப் பொறுத்தவரை வழியில் நிற்கும் 8,000 கிலோவும் 100 சதவீதம் முடிந்தவை. மாற்றுச் செலவு அப்படி இல்லை. அது ஒவ்வொரு மெஷினிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. இந்தச் சரக்கில் சராசரியாக 40 சதவீத வேலை முடிந்திருக்கிறது என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். அந்த 40 எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

இனிக் கணக்கு எளிது. பஞ்சுக்குச் சமான அலகு 42,000 கூட்டல் 8,000, ஆக 50,000 கிலோ. 85 லட்சத்தை அதால் வகுத்தால் கிலோவுக்கு 170 ரூபாய். மாற்றுச் செலவுக்குச் சமான அலகு 42,000 கூட்டல் 8,000இல் 40 சதவீதமான 3,200, ஆக 45,200 கிலோ. 27,12,000ஐ அதால் வகுத்தால் 60 ரூபாய். இரண்டையும் சேர்த்தால் முடிந்த நூலின் அடக்கம் கிலோவுக்கு 230 ரூபாய்.

முடிந்த 42,000 கிலோவின் மதிப்பு 96,60,000 ரூபாய். வழியில் நிற்கும் சரக்கில் பஞ்சு 13,60,000 ரூபாய்க்கும் வேலை 1,92,000 ரூபாய்க்கும் இருக்கிறது, மொத்தம் 15,52,000. இரண்டையும் கூட்டினால் செலவான 1,12,12,000 ரூபாய் ஒரு பைசா பிசகாமல் திரும்பி வருகிறது. செலவு எங்கேயும் காணாமல் போகவில்லை என்பதற்கு இதுவே சரிபார்ப்பு. கூட்டல் இங்கே ஒத்துவராவிட்டால், எங்கோ வகுத்தலில் ஒரு கிலோ கணக்கும் பெருக்கலில் வேறொரு கிலோ கணக்கும் புகுந்துவிட்டது என்று பொருள்.

பேப்பர் கோன், பாலித்தீன் பை, அட்டைப்பெட்டி போன்றவை கடைசிக் கட்டத்தில்தான் வருகின்றன. அவற்றுக்குத் தனிக் கணக்கு வைத்தால் வழியில் நிற்கும் சரக்கின் பங்கு பூஜ்யம். 42,000 கிலோ மட்டும்தான் வரும். ஒரே 8,000 கிலோ, பஞ்சுக்கு 8,000 ஆகவும் வேலைக்கு 3,200 ஆகவும் பேக்கிங்குக்குப் பூஜ்யமாகவும் நிற்கிறது. சரக்கு மொத்தத்துக்கும் ஒரே சதவீதத்தைப் போட்டுவிடுவதுதான் புதிதாகக் கற்பவர்கள் செய்யும் முதல் தவறு. இங்கே எல்லாவற்றுக்கும் 40 சதவீதம் என்று போட்டிருந்தால், உள்ளே கிடக்கும் பஞ்சில் 4,800 கிலோ கணக்கிலிருந்தே மறைந்திருக்கும்.

40 சதவீதம் எப்படி வந்தது?

மேலே போட்டதெல்லாம் பள்ளிக்கூடக் கணக்கு. உண்மையான வேலை அந்த 40ஐக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. அதைக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. ஃபுளோருக்குள் இறங்க வேண்டும்.

பஞ்சு போகும் பாதை இது. பேலைப் பிரித்து புளோ ரூமில் அடித்துத் தூசி, விதைத் துணுக்கு எல்லாம் நீக்குவார்கள். கார்டிங்கில் இழைகள் சீவப்பட்டு ஸ்லைவர் என்ற பருமனான திரியாகி, உயரமான கேன்களில் சுருண்டு விழும். டிராயிங்கில் பல திரிகளைச் சேர்த்து இழுத்துச் சீராக்குவார்கள். சிம்ப்ளெக்ஸ் அந்தத் திரியை மெலிதாக்கி, லேசாக முறுக்கி, ரோவிங்காக பாபினில் சுற்றும். ரிங் ஃபிரேம் அதை நூலாக நூற்று காப்பில் ஏற்றும். கடைசியாக வைண்டிங்கில் பல காப்புகளின் நூல் ஒரே கோனாகும்.

இந்தக் கட்டங்கள் எல்லாம் ஒரே செலவு பிடிப்பவை அல்ல. நூற்பாலையின் மின்சாரத்தில் பெரும்பங்கை விழுங்குவது ரிங் ஃபிரேம்தான். ஆள் தேவையும் அங்கேதான் அதிகம். அதனால் ஐந்தில் மூன்று மெஷின் தாண்டிவிட்டது, 60 சதவீதம் முடிந்தது என்று போட முடியாது. பிரிவு வாரியாகச் செலவைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் மில்லில் மாற்றுச் செலவு 100 ரூபாய் என்றால் புளோ ரூம் முதல் டிராயிங் வரை 20 ரூபாய், சிம்ப்ளெக்ஸில் 15, ரிங் ஃபிரேமில் 50, வைண்டிங்கிலும் பேக்கிங் வேலையிலும் 15 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் டிராயிங் முடிந்த ஸ்லைவர் 20 சதவீதம் முடிந்தது, ரோவிங் 35 சதவீதம், காப் 85 சதவீதம்.

மாதக் கடைசி ஷிப்ட் முடியும்போது சூப்பர்வைசர் எண்ணிக்கை எடுக்கிறார். கேன்களில் ஸ்லைவர் 4,000 கிலோ, பாபின்களில் ரோவிங் 2,000 கிலோ, வைண்டிங்குக்காகக் காத்திருக்கும் காப் 2,000 கிலோ. 4,000இல் 20 சதவீதம் 800. ரோவிங்கில் 35 சதவீதம் 700. காப்பில் 85 சதவீதம் 1,700. மொத்தம் 3,200. 8,000 கிலோவில் அது 40 சதவீதம்.

இந்த எண்ணிக்கையில் அடிக்கடி நடக்கும் ஒரு குழப்பத்தை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ரிங் ஃபிரேமில் ஓடிக்கொண்டிருக்கும் காப் பாதி நிறைந்திருக்கிறது என்றால் அதைப் பாதி முடிந்தது என்று எழுதிவிடுவார்கள். அது தப்பு. காப்பில் ஏறிவிட்ட நூல் முழுதாக நூற்ற நூல். அதன் நிலை 85 சதவீதம்தான். பாதி என்பது எடைக்குப் பொருந்தும்: முழுக் காப் 50 கிராம் என்றால் இது 25 கிராம். மேலே தொங்கும் பாபினில் மிச்சமிருக்கும் ரோவிங்குக்கு நிலை 35 சதவீதம். எடையை ஒரு தரமும் நிலையை ஒரு தரமும் பார்க்க வேண்டிய இடத்தில் இரண்டையும் கலந்துவிட்டால், ஒரே சரக்கு இரண்டு முறை பாதியாகிவிடும்.

ஓடும் காப்புகளைச் சராசரியாகப் பாதி எடை என்று போடுவதும் எப்போதும் பொருந்தாது. ஃபிரேம்களை வெவ்வேறு நேரத்தில் டாஃபிங் செய்தால் ஒன்று காலியாகவும் ஒன்று நிறையவும் இருக்கும். சராசரி பாதியாக வரும். கணக்கெடுப்புக்குச் சற்று முன்பு எல்லா ஃபிரேமையும் டாஃபிங் செய்திருந்தால் ஸ்பிண்டிலில் இருப்பது வெறும் காப்தான்.

மே மாதம்: பழையதும் புதியதும் கலக்கும்போது

ஏப்ரலில் தொடக்கச் சரக்கு இல்லாததால் கணக்கு சுலபமாக முடிந்தது. மே மாதம் 8,000 கிலோ பழைய சரக்கோடு தொடங்குகிறது. இந்த மாதம் 46,000 கிலோ பஞ்சு உள்ளே போகிறது. விலை ஏறி கிலோ 180 ரூபாயாகிவிட்டது. பஞ்சுச் செலவு 82,80,000. மாற்றுச் செலவு 31,07,000. முடிந்த நூல் 48,000 கிலோ. மாதக் கடைசியில் 6,000 கிலோ மிச்சம், அதில் 50 சதவீத வேலை முடிந்திருக்கிறது.

இங்கே இரண்டு வழிகள் உண்டு. முதலில் வந்தது முதலில் போகும் என்ற முறை, மே மாதம் செய்த வேலையை மட்டும் எண்ணும். பழைய 8,000 கிலோவுக்கு மீதி 60 சதவீத வேலையை மே மாதம் செய்தது. அது 4,800 கிலோவுக்குச் சமம். மே மாதமே தொடங்கி மே மாதமே முடிந்தது 40,000 கிலோ. மிச்சச் சரக்கில் பாதி வேலை, 3,000 கிலோவுக்குச் சமம். மொத்தம் 47,800. அதால் 31,07,000ஐ வகுத்தால் மாற்றுச் செலவு கிலோவுக்கு 65 ரூபாய். பஞ்சின் 180ஐயும் சேர்த்தால், மே மாதம் நூற்ற நூலின் அடக்கம் 245 ரூபாய்.

பழைய 8,000 கிலோ ஏப்ரலில் இருந்து 15,52,000 ரூபாய்ச் செலவைச் சுமந்துகொண்டு வந்தது. மே மாதம் அதன்மேல் 3,12,000 ஏறியது. கிலோவுக்கு 233 ரூபாய். பழையதையும் புதியதையும் சேர்த்து முடிந்த 48,000 கிலோவுக்குச் சராசரி 243 ரூபாய் வருகிறது.

சராசரி முறை பழைய செலவையும் புதுச் செலவையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கிவிடும். பஞ்சுக்கு 54,000 கிலோ, வேலைக்கு 51,000 கிலோ என்று சமான அலகு வரும். அடக்கம் 243 ரூபாய் 20 காசு. இரண்டு முறைக்கும் 20 காசுதான் வித்தியாசம் என்பதால் எதுவானாலும் சரி என்று தோன்றலாம். இந்தியக் கணக்கியல் தரநிலையும் இரண்டையும் ஏற்கிறது.

ஆனால் இரண்டும் சொல்லும் செய்தி வேறு. முதல் முறையில் ஏப்ரலில் 230ஆக இருந்த அடக்கம் மே மாதத்தில் 245ஆகிவிட்டது என்று பளிச்சென்று தெரிகிறது. ஜூன் மாதத்துக்கு ஆர்டர் பேசுகிறவருக்கு வேண்டிய எண் அந்த 245தான். 243.20ஐ வைத்துக்கொண்டு விலை பேசினால் கிலோவுக்கு 1 ரூபாய் 80 காசு கையை விட்டுப் போகும். பஞ்சு விலை ஆடாத காலத்தில் சராசரி முறை போதும். விலை ஏறி இறங்கும் காலத்தில் அது ஏற்றத்தைத் தாமதமாகத்தான் காட்டும்.

கழிவு எங்கே விழுகிறது?

கார்டட் நூலுக்கு 100 கிலோ பஞ்சு போட்டால் சுமார் 85 கிலோ நூல் வரும். மீதி வேஸ்ட். அதில் பெரும்பகுதி புளோ ரூமிலும் கார்டிங்கிலும், அதாவது தொடக்கத்திலேயே விழுந்துவிடுகிறது. அதனால்தான் நம் கணக்கில் கிலோவைக் கழிவு நீக்கிய பிறகு எண்ணினோம். பேல் எடையை உள்ளே போனதாகவும் கோன் எடையை வெளியே வந்ததாகவும் எழுதிவிட்டு இடையில் வித்தியாசத்தையெல்லாம் பாதிச் சரக்கு என்று வைத்துவிட்டால், தரையில் விழுந்த தூசுக்கும் கிலோ 170 ரூபாய் மதிப்பு ஏறிவிடும்.

வழக்கமான கழிவின் செலவை நல்ல நூல்தான் சுமக்க வேண்டும். வேஸ்ட் விற்ற பணத்தைப் பஞ்சுச் செலவில் கழித்துக்கொள்ளலாம். வழக்கத்துக்கு மாறான இழப்பு வேறு. ஏப்ரலில் கலவை தவறி 500 கிலோ ரோவிங் வீணானது என்றால், அது நிற்கும் கட்டம் வரைக்கும் அதற்கும் சமான அலகு போட வேண்டும்: பஞ்சுக்கு 500, வேலைக்கு 35 சதவீதமான 175. அந்தச் செலவு நேராக நட்டக் கணக்குக்குப் போகும். நல்ல நூலின் தலையில் அதைக் கட்டினால், அடக்கம் ஏன் ஏறியது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

சதவீதத்தில் கைவைத்தால்

இந்தக் கணக்கில் பில் இல்லாமல், மீட்டர் இல்லாமல், ஒருவர் வாயால் சொல்லும் எண் ஒன்றே ஒன்றுதான்: எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது என்பது. ஆகவே கைவைக்க எளிதான இடமும் அதுதான்.

ஏப்ரலில் லாபத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்ட வேண்டிய நெருக்கடி மேலாளருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதத்தை 80 என்று எழுதுகிறார். ஒரு கிலோகூடப் பொய்யாகச் சேர்க்கவில்லை. எடை போட்டுப் பார்த்தாலும் 8,000தான் இருக்கும். ஆனால் மாற்றுச் செலவின் சமான அலகு 45,200இலிருந்து 48,400ஆகிவிடுகிறது. கிலோவுக்கு 60 ரூபாய் 56 ஆகக் குறைகிறது. பாதிச் சரக்கின் மதிப்பு சுமார் 1,67,000 ரூபாய் ஏறுகிறது. முடிந்த நூலின் அடக்கம் அதே அளவு இறங்குகிறது. நூலெல்லாம் விற்றிருந்தால் அந்த 1,67,000 அப்படியே ஏப்ரல் லாபமாகிவிடும்.

மே மாதம் அது திரும்பி வந்து நிற்கும். பழைய சரக்குக்கு மிச்ச வேலை 20 சதவீதம்தான் என்று ஆகிவிட்டதால், மே மாதத்தின் சமான அலகு 47,800க்குப் பதில் 44,600ஆகக் குறைகிறது. 65 ரூபாயாக வந்திருக்க வேண்டிய மாற்றுச் செலவு கிட்டத்தட்ட 70 ரூபாயாகத் தெரியும். 60, 65 என்று இயல்பாக ஏறியிருக்க வேண்டிய எண் 56, 70 என்று குதிக்கிறது. அந்தக் குதிப்பை மறைக்க மே மாதக் கடைசியிலும் சதவீதத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். அடுத்த மாதமும் அப்படித்தான்.

இதைப் பிடிக்க எளிய வழி மின்சார மீட்டரில் இருக்கிறது. மாதம் முழுவதும் ஓடிய யூனிட்டைச் சமான கிலோவால் வகுத்துப் பார்க்க வேண்டும். ஒரே நம்பர் நூல், அதே மெஷின், அதே வேகம் என்றால் சமான கிலோவுக்கு ஆகும் யூனிட் மாதத்துக்கு மாதம் பெரிதாக மாறாது. ஒரு மாதம் அது திடீரென்று குறைந்து அடுத்த மாதம் கூடினால், மெஷின் திடீரென்று சிக்கனமாகவில்லை. கீழே வகுக்கும் எண்தான் உப்பியிருக்கிறது. இந்த முறையைக் கூலி விகிதமோ மின்கட்டணமோ மாறிய மாதத்திலும் பயன்படுத்தலாம், ஏனென்றால் இதில் ரூபாயே வருவதில்லை.

எங்கே இது உதவாது?

நம் மில் ஒரே நம்பர் நூல் நூற்றதால் ஒரு கிலோவுக்கு இன்னொரு கிலோ சமம் என்று எடுத்துக்கொண்டோம். பெரும்பாலான மில்களில் அப்படி இருக்காது. 80ஆம் நம்பர் நூல் மெலிதானது, முறுக்கும் அதிகம். அதே ஸ்பிண்டிலில் ஒரு கிலோ நூற்க 40ஆம் நம்பருக்கு ஆகும் நேரத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் பிடிக்கும். இரண்டையும் கிலோவில் கூட்டி வகுத்தால், சதவீதம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் விடை தப்பாகத்தான் வரும். நூற்பாலைகளில் உற்பத்தியை ஒப்பிட எல்லா நம்பரையும் 40ஆம் நம்பருக்கு மாற்றிப் பேசும் வழக்கம் இதனால்தான் இருக்கிறது. அடக்கவிலைக்கும் அப்படி மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது நம்பர் வாரியாகத் தனிக் கணக்கு வைக்க வேண்டும்.

எல்லா இடத்திலும் இவ்வளவு மெனக்கெட வேண்டியதும் இல்லை. மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் பாதிச் சரக்கு ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே நிலையில் இருந்தால், உள்ளே வந்த பழைய வேலையும் வெளியே மிஞ்சிய புது வேலையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அப்போது மாதச் செலவை முடிந்த நூலால் வகுத்தாலே விடை கிட்டத்தட்டச் சரியாக வந்துவிடும். மில் புதிதாகத் தொடங்கும் மாதம், நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு ஓடும் மாதம், நம்பரை மாற்றும் மாதம், ஆர்டர் குறைந்து காப் மலைபோல் குவியும் மாதம் என்று பாதிச் சரக்கு திடீரென்று வீங்கவோ வற்றவோ செய்யும் மாதங்களில்தான் கேன்களையும் பாபின்களையும் ஒழுங்காக எண்ணியாக வேண்டும். மற்ற மாதங்களில் ஒரு தோராயம் தாங்கும். இந்த மாதங்களில் அது தாங்காது.